சி.பி.எஸ்.இ. தேர்வு அறைப் பணி: தில்லியில் புதிதாக டியூட்டி பார்க்கும் நம் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் காலை ஆறரைக்கே என் போன் அடிக்கும். மயூர் விஹாரிலிருந்து ஒருவர், ஆர்.கே. புரத்திலிருந்து ஒருவர், ஜனக்புரியிலிருந்து ஒருவர் என்று நம் ஆசிரியர்கள் கூப்பிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். எங்கள் பள்ளி தேர்வு மையமாகும் ஆண்டுகளில் அறைப் பங்கீட்டுத் தாள் என் மேசையில்தான் தயாராகிறது. முதல் நாள் கூட்டத்தில் நான் சொல்வதையும், கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்து கேட்கிறவர்களுக்குச் சொல்வதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு வாரியத் தேர்வை மனத்தில் வைத்து எழுதியது இது. பள்ளியின் உள்தேர்வுக்கு இவ்வளவு கண்டிப்பு இருக்காது.

டியூட்டி ஆர்டர்ல என் பேர் இருக்கு, ஆனா ரூம் நம்பர் போடலையே. விட்டுப் போச்சா?

இல்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை. ஆர்டரில் மையம், தேதிகள், வந்து சேர வேண்டிய நேரம் மட்டும் இருக்கும். எந்த அறை என்பது அன்று காலை கையெழுத்துப் போடும்போதுதான் உங்களுக்குத் தெரியும். நேற்று பார்த்த அறையே இன்றும் கிடைக்காது, நேற்று கூட இருந்தவரும் இன்று இருக்க மாட்டார். யார் எந்த அறை என்று முந்தின நாளே வெளியில் தெரிந்தால், "எங்க பையன் உங்க ரூம்லதான் மேடம், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று ஒரு போன் வராமல் இருக்காது. அந்தச் சங்கடம் உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு அறைக்கு 24 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். புதிதாக வருகிறவரோடு அனுபவமுள்ள ஒருவரைச் சேர்த்துப் போடப் பார்ப்போம். அறைப் பங்கீட்டுத் தாளில் உங்கள் பெயருக்கு எதிரே 'ரிசர்வ்' என்று இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. யாராவது வராவிட்டால் அந்த அறைக்கு நீங்கள்தான். எல்லாரும் வந்துவிட்டால் ஒவ்வொரு அறையாகப் போய் அங்கிருப்பவர்களை ஐந்து நிமிடம் வெளியே விடும் வேலை உங்களுடையது.

ஆர்டர்ல 'அசிஸ்டென்ட் சூப்பரின்டென்டென்ட்'னு போட்டிருக்கு. நான் சாதாரண டீச்சர், இது வேற யாருக்காவது வந்ததா?

உங்களுக்கு வந்ததுதான். அறையில் கண்காணிக்கும் ஆசிரியரை வாரியம் அப்படித்தான் அழைக்கிறது. மையம் முழுவதற்கும் பொறுப்பு சென்டர் சூப்பரின்டென்டென்ட். கீழே 'மையக் கண்காணிப்பாளர்' என்று நான் எழுதும் இடமெல்லாம் அவரைத்தான் சொல்கிறேன்.

பரீட்சை பத்தரைக்கு. எங்களை 9 மணிக்கே வரச் சொல்றாங்க. ஒன்றரை மணி நேரம் சும்மா உக்காந்து என்ன பண்றது?

சும்மா உட்கார நேரமே இருக்காது. பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். பத்தரைக்கு மாணவர்கள் எழுதத் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய 15 நிமிடம், அதாவது 10:15 முதல் 10:30 வரை, வினாத்தாளைப் படிக்க மட்டும். அந்த நேரத்தில் விடைத்தாளில் ஒரு சொல்கூட எழுதக் கூடாது. 10:15க்கு வினாத்தாள் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டுமானால், அதற்கு முன்பே விடைத்தாளைக் கொடுத்து முகப்புப் பக்கத்தை நிரப்பச் சொல்லியிருக்க வேண்டும். அது 10:00 முதல் 10:15 வரை. மாணவர்கள் மையத்துக்குள் வந்து சேர வேண்டிய கடைசி நேரம் 10:00. ஆக, 24 பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, சோதனை முடிந்து, அட்மிட் கார்டை மேசைமேல் வைத்திருக்க வேண்டிய நேரமும் 10:00தான்.

அதனால் எங்கள் மையத்தில் 9:00 மணிக்குக் கையெழுத்து, 9:15க்கு அறைப் பங்கீடும் பத்து நிமிடப் பேச்சும், 9:30க்கு விடைத்தாள் கட்டும் அட்டென்டன்ஸ் ஷீட்டும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போவது என்று வைத்திருக்கிறோம். உங்கள் மையத்தில் ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம், ஆர்டரில் உள்ளதையே பாருங்கள். அறைக்குப் போனதும் முதல் வேலை, கதவில் ஒட்டியிருக்கும் சீட்டிங் பிளானையும் மேசைகளில் ஒட்டிய ரோல் நம்பர் சீட்டுகளையும் ஒப்பிடுவது. துப்புரவுப் பணியாளர் கூட்டும்போது மேசையை நகர்த்தி, திருப்பிப் போட்டு வைத்திருப்பார். ஒரு மேசை மாறினால் அந்த வரிசையே மாறிவிடும். மேசை அறைகளுக்குள் கையை விட்டுப் பாருங்கள். கரும்பலகையிலும் சுவரிலும் அந்தப் பாடத்தின் சூத்திரமோ வரைபடமோ இருந்தால் அழித்துவிடுங்கள், அழிக்க முடியாததைப் பழைய செய்தித்தாளால் மூடுங்கள். இதெல்லாம் முதல் மாணவர் உள்ளே வருவதற்கு முன்பு முடிந்திருக்க வேண்டும்.

மெட்ரோ லேட் ஆயிட்டா மன்னிச்சு விடுவாங்களா?

பாதி வழியில் இருக்கும்போதே சொன்னால் மாற்று ஏற்பாடு செய்துவிடலாம். 9:05க்கு மூச்சு வாங்க வந்து சொன்னால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. 2024 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தால் சாலைகள் அடைபட்டபோது, மெட்ரோவில் வாருங்கள், சீக்கிரம் கிளம்புங்கள் என்று வாரியமே மாணவர்களுக்கு அறிவிப்பு விட வேண்டியிருந்தது. ஆசிரியர்களுக்கும் அதே ஊர், அதே சாலைதான்.

மயூர் விஹாரிலிருந்து ஜனக்புரிக்குப் புளூ லைனில் வண்டி மாறாமல் வரலாம். ஆனால் ஸ்டேஷன் வாசலில் பை சோதனை வரிசை காலையில் எவ்வளவு நீளும் என்று உங்களுக்கே தெரியும். ராஜீவ் சௌக்கில் மாற வேண்டியிருந்தால் அங்கே ஒரு ரயிலையாவது விட்டுவிடுவீர்கள் என்று கணக்கு வையுங்கள். முதல் டியூட்டிக்கு முந்தைய வாரத்தில் ஒருநாள் அதே நேரத்தில் மையத்தின் வாசல்வரை போய்ப் பாருங்கள். கேட் எந்தப் பக்கம் என்பது தெரியாமல் பள்ளியைச் சுற்றி நடந்தவர்கள் பலர்.

உடம்பு சரியில்லை என்றாலும் இதே முறைதான். பக்கத்து வீட்டு டீச்சரை உங்களுக்குப் பதிலாக அனுப்பிவிடாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆர்டரில் பெயர் இல்லாதவர் அறைக்குள் நிற்க முடியாது. உங்கள் பள்ளி முதல்வருக்கும் மையக் கண்காணிப்பாளருக்கும் சொல்லுங்கள், ஆள் போடுவது அவர்கள் வேலை.

என்னென்ன எடுத்துட்டு வரணும்? லிஸ்ட் சொல்லுங்க.

டியூட்டி ஆர்டரின் நகல், உங்கள் பள்ளி அடையாள அட்டை, நீல மை பேனா இரண்டு, முள் வைத்த சாதாரண கைக்கடிகாரம், படிக்கும் கண்ணாடி, தண்ணீர் பாட்டில், வேளைக்குப் போட வேண்டிய மாத்திரை. வராதவர்களை அட்டென்டன்ஸ் ஷீட்டில் சிவப்பு மையில் குறிக்கச் சொல்லும் மையமானால் ஒரு சிவப்புப் பேனா. அவ்வளவுதான்.

கண்ணாடியை மறந்துவிடாதீர்கள் என்று தனியாகச் சொல்கிறேன். விடைத்தாளின் எண்ணைப் படித்து எழுதுவதுதான் அன்று உங்கள் கையால் நடக்கும் மிக முக்கியமான வேலை. 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் உத்தேசமாக எழுதக் கூடாது. இன்னொன்று காலணி. டக் டக்கென்று சத்தம் போடும் செருப்போ, ஹீல்ஸோ வேண்டாம். மூன்று மணி நேரம் நடக்கப் போகிறீர்கள், சத்தமில்லாத கேன்வாஸ் ஷூ போதும். கொலுசும் கண்ணாடி வளையலும்கூட அன்று வேண்டாம், எழுதுகிற பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கும். பிப்ரவரிக் காலையில் வகுப்பறை சில்லென்று இருக்கும், பன்னிரண்டு மணிக்குச் சூடாகிவிடும். அதனால் கழற்றக்கூடிய ஸ்வெட்டராகப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு டப்பா, திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு, செய்தித்தாள் எதுவும் அறைக்குள் வரக் கூடாது. ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிடுங்கள்.

போனை சைலன்ட்ல போட்டு ஹேண்ட்பேக்ல வச்சுக்கலாமா? வீட்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல.

கூடாது. ஸ்மார்ட் வாட்சும் அப்படியே. அவசரத்துக்கு மையத்தின் அலுவலகத் தொலைபேசி எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். விஷயம் வந்தால் ரிசர்வில் இருப்பவரை உங்கள் இடத்தில் நிறுத்திவிட்டு உங்களை வெளியே அழைப்பார்கள்.

நான் மேத்ஸ் டீச்சர். மேத்ஸ் பரீட்சை அன்னைக்கும் டியூட்டி போட்டிருக்காங்க. போகலாமா?

போகக் கூடாது. எந்தப் பாடத்தைக் கற்பிக்கிறீர்களோ அந்தப் பாடத் தேர்வன்று அறைக் கண்காணிப்புக்கு உங்களைப் போடக் கூடாது. பட்டியல் தயாரிக்கும்போது தவறிப் போயிருக்கும், ஆர்டர் கைக்கு வந்த அன்றே எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். "கவனிக்காம விட்டுட்டாங்க, போய்ட்டு வந்துடலாம்" என்று இருந்துவிட்டால் நாளைக்கு அந்த அறையைப் பற்றி ஒரு புகார் வரும்போது முதல் கேள்வியே உங்கள் பாடம் எது என்பதாக இருக்கும்.

நம் பள்ளிகளில் இது அதிகம் சிக்கலாவது தமிழ்த் தேர்வு நாளில்தான். பத்தாம் வகுப்புத் தமிழின் குறியீடு 006, பன்னிரண்டாம் வகுப்புக்கு 106. அந்த இரண்டு தேதிகளையும் அட்டவணையில் முதலிலேயே வட்டமிட்டு, தமிழாசிரியர்கள் யாருக்கும் அன்று அறை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் பொண்ணு இந்த வருஷம் டென்த் எழுதுறா. வேற சென்டர்லதான். சொல்லணுமா?

சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையோ நெருங்கிய உறவினரோ எழுதும் மையத்தில் நீங்கள் பணியில் இருக்கக் கூடாது. வேறு மையம் என்றால் முடிவெடுப்பது மையக் கண்காணிப்பாளர். அவர் முடிவெடுக்க வேண்டுமானால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

விடைத்தாள் கட்டைக் கையில வாங்கினதும் நம்பரெல்லாம் அட்டென்டன்ஸ் ஷீட்ல எழுதி வச்சுட்டா, பரீட்சை நேரத்துல வேலை மிச்சம்தானே?

தயவுசெய்து செய்யாதீர்கள். இதைச் செய்து பார்த்து அவதிப்பட்டவள் நான்.

என் இரண்டாவது ஆண்டு டியூட்டி. 9:40க்கே அறையில் தயாராக இருந்தேன். கட்டில் 24 விடைத்தாள்கள், எண்கள் வரிசையாக இருந்தன. புரிவதற்காக 201 முதல் 224 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டென்டன்ஸ் ஷீட்டில் 24 ரோல் நம்பர்கள். முதல் பெயருக்கு எதிரே 201, இரண்டாவதுக்கு 202 என்று கடைசிவரை மணிமணியாக எழுதி வைத்துவிட்டேன். மாணவர்கள் வந்தார்கள். ஒன்பதாவது மாணவி வரவில்லை. நான் பாட்டுக்கு வரிசையாக விடைத்தாளைக் கொடுத்துக்கொண்டே போனேன். எட்டாவது மாணவனிடம் 208, ஒன்பதாவது இடம் காலி, பத்தாவது மாணவனிடம் 209. ஆனால் ஷீட்டில் பத்தாவது பெயருக்கு எதிரே 210 என்று இருந்தது. அங்கிருந்து கடைசிவரை ஒவ்வொன்றும் ஒரு எண் தள்ளிப் போய்விட்டது. பிள்ளைகள் அவரவர் பெயருக்கு எதிரே கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை.

தெரிய வந்தது ஒன்றரை மணிக்கு. மிச்சமிருந்த ஒரு விடைத்தாளைக் கையில் எடுத்தேன். அதன் எண் 224. ஷீட்டில் கடைசி மாணவனுக்கு எதிரேயும் 224. ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே! அந்த நொடியில் கை சில்லிட்டுப் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பத்தாவது வரியிலிருந்து இருபத்து நான்காவது வரைக்கும் 15 வரிகள் தப்பு. ஒவ்வொரு விடைத்தாளையும் எடுத்து, ரோல் நம்பர் பார்த்து, ஷீட்டில் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண் எழுதி, மையக் கண்காணிப்பாளரிடம் ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து வாங்கி முடிக்கும்போது மணி மூன்றரை.

அதனால் வழி ஒன்றுதான். விடைத்தாளைக் கொடுங்கள். பிள்ளை முகப்பை நிரப்பட்டும். பிறகு ஷீட்டை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய், அவன் கையிலிருக்கும் விடைத்தாளில் அச்சான எண்ணைப் பார்த்து எழுதுங்கள். அப்புறம் அவனையே அந்த எண்ணைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். கூட இருக்கும் ஆசிரியர் அந்த நேரத்தில் அறையைப் பார்த்துக்கொள்வார். 22, 23 பேருக்கு இருபது நிமிடம் ஆகும், தேர்வின் முதல் மணி நேரத்துக்குள் முடித்தால் போதும்.

ரெண்டு பேர் வரல, ஒரு விடைத்தாள் உள்ளே கிழிஞ்சிருக்கு. கடைசில கணக்கு எப்படிக் காட்டறது?

மேலே சொன்ன அதே 201 முதல் 224 கட்டையே எடுத்துக்கொள்வோம். வந்தவர்கள் 22 பேர். 201 முதல் 222 வரை கொடுத்தாயிற்று, கையில் 223, 224. பத்து மணி ஐந்துக்கு ஒரு மாணவி கை தூக்குகிறாள். அவளுடைய 213இல் நடுவே ஒரு தாள் கிழிந்திருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு 223ஐக் கொடுங்கள். 213இன் முகப்பில் அவள் ஏற்கெனவே ரோல் நம்பர் எழுதியிருந்தால், குறுக்கே கோடு போட்டு 'பழுது' என்று காரணம் எழுதிக் கையெழுத்திட்டுத் தனியாக வையுங்கள். மற்ற விடைத்தாள்களோடு கலந்துவிடக் கூடாது.

இப்போது கணக்கு: எழுதியது 22, பழுது 1, எழுதாமல் மிஞ்சியது 1, மொத்தம் 24. கட்டு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட எண்ணிக்கையும் 24. இரண்டும் பொருந்தினால்தான் அறையை விட்டுக் கிளம்பலாம். முன்கூட்டியே எண்களை எழுதி வைக்கவில்லையென்றால் ஷீட்டில் திருத்தமே இருக்காது, அவள் பெயருக்கு எதிரே நேராக 223 என்று எழுதியிருப்பீர்கள்.

எல்லாரும் விடைத்தாளைத் திறந்து பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும்படி பத்து மணிக்கே சொல்லிவிடுங்கள். பதினொன்றரைக்கு, பாதி எழுதிய பிறகு கிழிசல் தெரிந்தால் அது பெரிய தலைவலி. அப்போது நீங்களே மாற்றிக் கொடுக்காமல் மையக் கண்காணிப்பாளரை அழையுங்கள்.

வினாத்தாளுக்கும் இதே கணக்கு உண்டு. கூடவே ஒன்றைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து மாணவர்களுக்கு வேறு வேறு செட் வரும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 30/1/1, 30/1/2, 30/1/3 என்ற மாதிரிக் குறியீடு அச்சாகியிருக்கும். அதை மாணவர் தன் விடைத்தாளின் முகப்பில் எழுத வேண்டும். எண் எழுதச் சுற்றி வரும்போதே இதையும் பார்த்துவிடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் திருத்துபவருக்கு எந்த செட் என்று தெரியாது.

அட்மிட் கார்டுல 'கார்த்திக் எஸ்'னு இருக்கு, ஸ்கூல் ஐடில 'கார்த்திக் சுப்பிரமணியன்'னு இருக்கு. உள்ள விடலாமா?

நம் பிள்ளைகளுக்கு வருடா வருடம் வரும் சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளியில் சேர்க்கும்போது ஒருவர் எழுதியது ஒன்று, ஒன்பதாம் வகுப்பில் பதிவு செய்யும்போது எழுதியது இன்னொன்று. கூட இருக்கும் இந்தி ஆசிரியருக்கு இது இரண்டு வெவ்வேறு ஆள் மாதிரித் தெரியும்.

பெயரை வைத்து ஆளை அடையாளம் பார்க்காதீர்கள். ரோல் நம்பர், புகைப்படம், அட்மிட் கார்டில் உள்ள அப்பா அம்மா பெயர் என்று பாருங்கள். அப்பா பெயர் சுப்பிரமணியன் என்று இருந்தால் அந்த 'எஸ்' எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். இனிஷியல் என்றால் என்ன என்று கூட இருப்பவருக்கு இரண்டு வரியில் சொல்லுங்கள். பையனை உட்கார வைத்துவிட்டு, மையக் கண்காணிப்பாளருக்குத் தகவல் கொடுங்கள். அட்மிட் கார்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள். வாசலில் நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம், பத்தரைக்கு அந்தப் பையன் பேனா பிடிக்க வேண்டும்.

ரூம்ல நம்ம தமிழ்ப் பசங்க இருந்தா தமிழ்ல பேசலாமா? பயந்து போயிருக்குங்க பாவம்.

பேசாதீர்கள். எனக்கும் இதைச் சொல்ல மனசு வரவில்லைதான். நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "பயப்படாதே கண்ணா" என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் அறையில் இருக்கும் மற்ற 20 பேருக்கும் கூட இருக்கும் ஆசிரியருக்கும் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று புரியாது. குனிந்து மெல்லிய குரலில் புரியாத மொழியில் ஒரு மாணவனிடம் மட்டும் பேசினால், அவர்கள் என்ன நினைப்பார்கள்? கேமராவில் பார்ப்பவருக்கும் அது விடை சொல்வது மாதிரித்தான் தெரியும். சந்தேகம் விழுவது உங்கள்மேல் மட்டுமில்லை, அந்தப் பிள்ளைமேலும்தான்.

அறிவிப்பு எதுவானாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும், நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கையால் காட்டலாம். தமிழில் கேள்வி கேட்கும் பிள்ளைக்கும் இந்தியிலேயே பதில் சொல்லுங்கள்.

தமிழ் பேப்பர் அன்னைக்கு ரூம்ல நாலு பேர்தான் தமிழ், மத்தவங்க தெலுங்கு, மலையாளம். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். வினாத்தாள்ல பிழை இருந்தா திருத்திச் சொல்லலாமா?

நீங்கள் தமிழ் கற்பிக்காதவர், ஆனால் தமிழ் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். கற்பிப்பவரானால் அன்று அந்த அறையில் இருக்கவே கூடாது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

திருத்திச் சொல்லக் கூடாது. எழுத்துப் பிழை என்று உறுதியாகத் தெரிந்தாலும், கேள்வி எண்ணையும் செட் குறியீட்டையும் ஒரு சீட்டில் குறித்து மையக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். இதே செட் இன்னொரு மையத்திலும் ஒரு பிள்ளை கையில் இருக்கிறது. உங்கள் அறையில் மட்டும் நான்கு பேருக்கு உதவி கிடைப்பது நியாயமில்லை. மாணவரிடம் "எழுதியிருக்கிறபடி புரிந்துகொண்டு எழுது" என்பதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டாம்.

கலப்பு அறையில் நடக்கும் உண்மையான தவறு வேறு. தெலுங்கு வினாத்தாள் தமிழ் மாணவன் மேசைக்குப் போய்விடும். தென்னிந்திய எழுத்துகளைப் பிரித்தறியாத ஆசிரியர் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே போவார். எழுத்தைப் பார்க்காமல், பாடக் குறியீட்டை அட்மிட் கார்டோடு ஒப்பிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். 006 என்று கார்டில் இருந்தால் தாளிலும் 006.

10:03க்கு ஒரு பொண்ணு அழுதுட்டே ரூம் வாசல்ல வந்து நிக்குது. என்ன பண்றது?

அனுமதிப்பதும் மறுப்பதும் உங்கள் கையில் இல்லை. 10:00க்குப் பிறகு கேட் மூடப்படும் என்பதே விதி. அப்படியும் அவள் அறை வாசல்வரை வந்திருக்கிறாள் என்றால், யார் அனுப்பினார்கள் என்பது முக்கியம். அலுவலகச் சீட்டோடு வந்திருந்தால் உட்கார வையுங்கள். சீட்டு இல்லையென்றால் ரிசர்வ் ஆசிரியரோடு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வாசலில் நின்று வாதம் செய்தால் மற்ற 22 பேரின் கவனமும் கெடும்.

ஒரு பையன் பையில வாழைப்பழமும் சாண்ட்விச்சும் வச்சிருக்கான். வாங்கி வெளிய வைக்கணுமா?

சர்க்கரை நோய் உள்ள மாணவனானால் வேண்டாம். வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு போன்ற பழங்கள், சாண்ட்விச் மாதிரியான சிற்றுண்டி, சர்க்கரை மாத்திரை, 500 மில்லி தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி உண்டு. அந்த ரோல் நம்பர் முன்னதாகவே மையத்துக்குத் தெரிந்திருக்கும், காலைக் கூட்டத்தில் சொல்வோம். பதினொன்றரை வாக்கில் அவன் முகம் வெளிறி, வியர்த்து, எழுதாமல் விழித்துக்கொண்டிருந்தால் சாப்பிடச் சொல்லுங்கள், கூடவே ஆளை அனுப்பி நர்ஸை அழையுங்கள். மற்றவர்களுக்கு உணவுப் பொருள் எதுவும் அறைக்குள் கூடாது.

துண்டுச் சீட்டோட ஒருத்தனைப் பிடிச்சா?

சத்தம் போடாதீர்கள். அடிக்கக் கூடாது, விடைத்தாளைப் பிடுங்கிக் கிழிக்கக் கூடாது, அதில் நீங்கள் எதுவும் எழுதக் கூடாது. கூட இருக்கும் ஆசிரியருக்குக் கண்ணால் காட்டுங்கள். ஒருவர் அங்கேயே நிற்க, மற்றவர் மையக் கண்காணிப்பாளருக்கு ஆள் அனுப்பட்டும். சீட்டு எங்கே இருந்தது, கையிலா, விடைத்தாளுக்குள்ளா, மேசைக்கடியிலா, மணி என்ன என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களிடம் வாங்கும் வாக்குமூலத்தில் கேட்பது இதைத்தான். மேசைக்கடியில் கிடந்த சீட்டு முந்தின நாள் வகுப்பு நடந்தபோது விழுந்ததாகவும் இருக்கலாம். ஒன்பதரைக்கே மேசைகளைப் பார்த்துவிடுங்கள் என்று சொன்னது இதற்காகவும்தான். மாணவியானால் சோதனை செய்வது ஆசிரியையாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றரைக்குப் பரீட்சை முடிஞ்சதும் கிளம்பிடலாமா? ரெண்டு மணிக்கு என் பையன் ஸ்கூல் பஸ் வந்துடும்.

அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். 1:30க்கு எழுதுவதை நிறுத்தச் சொன்ன பிறகு மாணவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும், நீங்கள் போய் வாங்க வேண்டும். அவர்கள் எழுந்து வந்து மேசையில் குவித்தால் ஒரு விடைத்தாள் யாருடைய பைக்குள் போனது என்றே தெரியாது. ரோல் நம்பர் வரிசையில் அடுக்கி, எண்ணி, மேலே சொன்ன கணக்கு பொருந்தியதும்தான் அவர்களை வெளியே விடுங்கள். பிறகு அலுவலகத்தில் ஒப்படைப்பு. அங்கே மறுபடியும் எண்ணுவார்கள். எங்கள் மையத்தில் 2:15 ஆகிவிடுகிறது.

சில பாடங்களுக்குத் தேர்வே 2 மணி நேரம்தான், அன்று 12:30க்கு முடியும். ஆனால் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்கள் எழுதும் தனி அறை உங்களுக்கு வந்தால் நேரம் நீளும். மணிக்கு 20 நிமிடம் அவர்களுக்குக் கூடுதல் உண்டு. 3 மணி நேரத் தேர்வு 2:30 வரை, 2 மணி நேரத் தேர்வு 1:10 வரை. சொல்வதை எழுதுபவர் கூட இருப்பார், அவரும் மாணவரும் பேசிக்கொள்வார்கள் என்பதால்தான் தனி அறை. ஒன்றரைக்கு மற்ற அறைகள் காலியாகி வராந்தாவில் கூச்சல் கிளம்பும்போது கதவைச் சாத்திவிட்டு, இவர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று வெளியே நிற்பவர்களிடம் சொல்ல ரிசர்வ் ஆசிரியரை நிறுத்துங்கள்.

ஒப்படைத்ததற்கு அலுவலகப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தும் வாங்கியவர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டாஃப் ரூமில் வைத்த சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். டியூட்டி முடியும்போது அங்கே ஆளில்லாத டப்பாக்கள் நாலைந்தாவது இருக்கும்.